நாலு தொண்ணூறும் ஒரு இருபதும்

மாலை வகுப்புக்குப் பைதான் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் வீட்டுப்பாடம் ஒரு மார்க் கணக்கு. ஐந்து பாடங்களின் மதிப்பெண்களைக் கேட்டு வாங்க வேண்டும். மொத்தத்தையும் சராசரியையும் காட்ட வேண்டும். எந்தப் பாடத்திலாவது 35க்குக் கீழே போயிருந்தால் ஃபெயில். எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தால், சராசரி 60ஓ அதற்கு மேலோ இருந்தால் முதல் வகுப்பு, 50ஓ அதற்கு மேலோ இருந்தால் இரண்டாம் வகுப்பு, மற்றவர்களுக்கு மூன்றாம் வகுப்பு. பத்தாம் வகுப்பு எழுதிய யாருக்கும் அந்த 35ஐ விளக்க வேண்டியதில்லை. கணக்கு பழகியதாக இருந்தால், புதிதாகப் படிக்க வேண்டியது கம்ப்யூட்டரின் மொழி மட்டும்தான். அதனால்தான் இந்தப் பாடம்.

அதற்கு வரும் விடையைப் பார்த்துவிட்டு ஆசிரியர் எழுதி அனுப்பும் குறிப்பைப் பற்றியது இந்தக் கட்டுரை. ஒரு பக்கம்கூட வராத அந்தக் குறிப்பில்தான், மாணவர் இரண்டாவது பாடத்தை எப்படி எழுதப் போகிறார் என்பது பெரும்பாலும் முடிவாகிறது. எதைப் பாராட்டுவது, எதைத் திருத்துவது, எதைக் கண்டும் காணாமல் விடுவது என்பதைப் பொதுவாகப் பேசினால் புரியாது. ஒரே ஒரு விடையை எடுத்துக்கொண்டு பார்ப்போம். பி.காம். முடித்துவிட்டுக் கடையொன்றில் கணக்கு எழுதும் ஒரு பெண் அனுப்பியது இது.

```python
marks = []
for i in range(5):
    m = int(input("Mark: "))
    marks.append(m)

total = 0
for m in marks:
    total = total + m

average = total / 5
print("Total:", total)
print("Average:", average)

if average > 60:
    print("First class")
elif average > 50:
    print("Second class")
elif average > 35:
    print("Third class")
else:
    print("Fail")
```

புரோகிராம் எழுதிப் பழக்கமில்லாதவர்களும் இதைப் படித்துவிடலாம். முதல் நான்கு வரிகள் ஐந்து முறை மார்க் கேட்டு, ஒவ்வொன்றாக ஒரு பட்டியலில் சேர்க்கின்றன. அடுத்த பகுதி அந்தப் பட்டியலைக் கூட்டி ஐந்தால் வகுக்கிறது. கடைசிப் பகுதி சராசரியைப் பார்த்து வகுப்பைச் சொல்கிறது. `if` என்றால் 'இப்படி இருந்தால்', `elif` என்றால் 'அது இல்லை, இப்படி இருந்தால்', `else` என்றால் 'எதுவுமே இல்லையென்றால்'.

அவர் அனுப்பியபோது தான் சோதித்துப் பார்த்த மார்க்குகளையும் எழுதியிருந்தார்: 80, 75, 90, 66, 70. மொத்தம் 381, சராசரி 76.2, முதல் வகுப்பு. எல்லாம் சரி. எரர் எதுவும் வரவில்லை. அவரைப் பொறுத்தவரை பாடம் முடிந்துவிட்டது, அப்படி நினைத்ததில் தப்பும் இல்லை.

இதைப் போன்ற விடை வந்தால் நான் முதலில் படிப்பதில்லை, ஓட்டிப் பார்க்கிறேன். மாணவர் கொடுத்த மார்க்குகளையே கொடுத்து ஒரு முறை. அப்புறம் விதியின் விளிம்பில் நிற்கும் எண்களைக் கொடுத்து ஒரு முறை: எல்லாம் 60, எல்லாம் 50, எல்லாம் 35. பிறகு விதிக்குள்ளேயே ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் எண்கள்: சராசரி மிக உயரத்தில், ஆனால் ஒரு பாடம் மட்டும் போய்விட்டது. இவ்வளவையும் ஓட்டி முடித்த பிறகுதான் கோடைப் படிப்பேன். முதலிலேயே படித்தால் கண் எழுத்து நடையில் சிக்கிக்கொள்கிறது. இந்தப் பெயர் சரியில்லை, அந்த இடைவெளி சரியில்லை என்று மனம் போய்விடும். புரோகிராம் தப்பான விடை சொல்வதுதான் பெரிய விஷயம். அது படிக்கும்போது தெரிவதைவிட ஓட்டும்போது சீக்கிரம் தெரியும்.

ஓட்டியபோது தெரிந்தது இது. 90, 90, 90, 90, 20 என்று கொடுத்தால் சராசரி 76 வருகிறது, 'First class' என்று அச்சாகிறது. ஒரு பாடத்தில் 20 வாங்கியவர் ஃபெயிலாக வேண்டும். ஐந்திலும் 60 கொடுத்தால் 'Second class'. ஐந்திலும் 35 கொடுத்தால், எல்லாப் பாடத்திலும் தேறிய அந்தப் பையனை புரோகிராம் ஃபெயிலாக்கிவிடுகிறது.

ஆக, இரண்டு தவறுகள். ஒன்று, பாடவாரியாகப் பார்க்க வேண்டிய விதியைச் சராசரியில் வைத்துப் பார்த்தது. வீட்டுப்பாடத்தை வாசித்ததிலேயே விட்டுப்போனது இது, மொழி தெரியாததால் வந்ததல்ல. இன்னொன்று, 'அறுபதும் அதற்கு மேலும்' என்பதற்கு `>=` போடாமல் `>` போட்டது. இதை எங்கள் தொழிலில் விளிம்புத் தவறு என்போம். அனுபவப்பட்டவர்களுக்கும் வரும்.

இவை தவிர, திருத்த வேண்டும் என்று நினைத்தால் இன்னும் சிலவும் இருக்கின்றன. மார்க் கேட்கும்போது யாராவது 'AB' என்று அடித்தால் புரோகிராம் விழுந்துவிடும். 5 என்ற எண் இரண்டு இடத்தில் நேரடியாக எழுதப்பட்டிருக்கிறது. நாளைக்கு ஆறு பாடம் என்று ஆகி, மேலே மட்டும் 6 என்று மாற்றிவிட்டுக் கீழே மறந்துபோனால், ஆறிலும் 60 வாங்கியவருக்குச் சராசரி 72 என்று காட்டும். எரர் எதுவும் வராது. 'Mark:' என்று ஐந்து முறையும் ஒரே மாதிரி கேட்பதால், எந்தப் பாடத்துக்குக் கேட்கிறது என்பதும் தெரியாது. மொத்தத்தைக் கூட்ட பைதானில் `sum` என்று ஒன்று தயாராகவே இருக்கிறது.

இத்தனையையும் ஒரே குறிப்பில் எழுத முடியும். பல ஆசிரியர்கள் எழுதுகிறார்கள், நல்ல எண்ணத்தோடுதான். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், முழுப் புரோகிராமையும் தாங்களே திருத்தி எழுதி, 'இப்படி எழுதியிருக்க வேண்டும்' என்று அனுப்புகிறார்கள். அதைப் பெறும் மாணவர் நன்றி சொல்லிவிட்டு, அதை எடுத்து வைத்துக்கொள்வார். தான் எழுதியதில் எந்த வரி எந்தத் தப்பான விடையைக் கொடுத்தது என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது. இதற்கு நேர் எதிராக, 'சூப்பர், நல்ல முயற்சி, சின்னச் சின்னத் தவறுகள் இருக்கின்றன, கவனிக்கவும்' என்று ஒற்றை வரியில் முடிப்பவர்களும் உண்டு. இரண்டு குறிப்பும் மாணவரை ஒரே இடத்தில்தான் விடுகின்றன. அடுத்து கையை எந்த வரியில் வைப்பது என்று இரண்டும் சொல்வதில்லை.

திருத்திக் கொடுத்தால் மாணவர் முன்னேறுவார் என்பதை நாம் கேள்வியே கேட்காமல் நம்புகிறோம். க்ளூகர், டெனிசி என்ற இரண்டு உளவியலாளர்கள் இது சம்பந்தமாக நடந்த நூற்றுக்கணக்கான ஆய்வு முடிவுகளைத் திரட்டி, 1996ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சராசரியாகப் பார்த்தால் கருத்துச் சொல்வது பலன் தந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட இடங்களில், கருத்துச் சொன்ன பிறகு செயல்பாடு முன்பைவிட மோசமாகியிருந்தது. கவனம் வேலையை விட்டுவிட்டு 'நான் எப்படிப்பட்டவன்' என்ற பக்கம் திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். திட்டினால் மட்டும்தான் அப்படித் திரும்பும் என்றில்லை. 'நீங்கள் ரொம்பக் கெட்டிக்காரர்' என்று சொன்னாலும் திரும்பும்.

இன்னொரு ஆய்வு 1988ல் வந்தது. ரூத் பட்லர் என்பவர் இஸ்ரேல் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்தது. ஒரு குழுவுக்கு மதிப்பெண் மட்டும், ஒரு குழுவுக்குக் குறிப்பு மட்டும், மூன்றாவது குழுவுக்கு இரண்டும் கொடுத்தார். குறிப்பு மட்டும் பெற்ற குழு அடுத்த வேலைகளை நன்றாகச் செய்தது, ஆர்வமும் குறையவில்லை. இரண்டும் பெற்ற குழு, மதிப்பெண் மட்டும் பெற்ற குழுவைப் போலவே நடந்துகொண்டது. பக்கத்தில் எண் இருந்ததால் குறிப்பு வேலை செய்யவில்லை. நான் முதல் பாடத்துக்கு மார்க் போடாததற்கு இதுதான் காரணம். மார்க் கணக்குக்கே மார்க் இல்லையா என்று மாணவர்கள் கேட்பார்கள். இல்லை என்றுதான் சொல்வேன்.

பாராட்டு விஷயத்துக்கு வருவோம். இந்த விடையில் பாராட்ட என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது, ஆனால் தேடிப் பார்த்துச் சொல்ல வேண்டும். முதல் பாடத்தில் பெரும்பாலானவர்கள் `m1`, `m2`, `m3` என்று ஐந்து பெயர் வைத்து, ஒரே வரியை ஐந்து முறை எழுதுவார்கள். இவர் ஒரு பட்டியலும் ஒரு லூப்பும் போட்டிருக்கிறார். பாடம் அதைக் கேட்கவில்லை. இது உண்மையிலேயே பெரிய தாண்டல். ஐம்பது பாடம் வந்தாலும் அதே நான்கு வரி போதும்.

இரண்டாவது, அந்த `int`. விசைப்பலகையில் அடிப்பதைப் பைதான் எழுத்தாகத்தான் வாங்கிக்கொள்ளும். 40, 50 என்று அடித்துவிட்டு அவற்றை அப்படியே கூட்டினால் 90 வராது, இரண்டையும் ஒட்டி 4050 என்று வைக்கும். `int` போட்டால்தான் எண்ணாகும். இவர் சரியாகப் போட்டிருக்கிறார். ஆனால் புரிந்து போட்டாரா, வகுப்பில் பார்த்த வரியை அப்படியே எழுதினாரா என்பது விடையைப் பார்த்துச் சொல்ல முடியாத ஒன்று. இந்த இடத்தில் பாராட்டோடு ஒரு கேள்வியும் சேர்த்து எழுதுவது என் வழக்கம். புரிந்து போட்டிருந்தால் சந்தோஷமாகப் பதில் சொல்வார். புரியாமல் போட்டிருந்தால் இப்போது புரிந்துகொள்வார்.

வரியைச் சுட்டாத பாராட்டை நான் எழுதுவதில்லை. 'நன்றாக இருக்கிறது' என்றால் அடுத்த முறை எதைத் திரும்பச் செய்வது என்று மாணவருக்குத் தெரியாது. பட்டியலைப் பாராட்டியவுடன், அடுத்த பாடத்திலும் பட்டியல் வரும். நல்லதைக் குறித்துக் காட்டாமல் விட்டால், மாணவர் அதைத் தற்செயல் என்று நினைத்து விட்டுவிடுவார். திருத்தம் எழுதும்போது தவறான பகுதியோடு நல்ல பகுதியையும் சேர்த்து அழித்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எது நிற்க வேண்டும் என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

திருத்தங்களில் எதை எடுப்பது என்பதற்கு எனக்கு இரண்டே அளவுகோல்கள். புரோகிராம் பொய் சொல்கிறதா என்பது முதலாவது. இதுவரை வகுப்பில் நடத்தியதை வைத்தே மாணவரால் அதைச் சரிசெய்ய முடியுமா என்பது இரண்டாவது. ஃபெயிலானவரை முதல் வகுப்பு என்பதும், 60 வாங்கியவரை இரண்டாம் வகுப்பு என்பதும் பொய். இரண்டையும் `if`, `for` தெரிந்த ஒருவரே சரிசெய்துவிடலாம். 'AB' என்று அடித்தால் விழுவதும் குறைதான். ஆனால் அதைச் சமாளிக்க இன்னும் நடத்தாத ஓர் இலக்கணம் வேண்டும். `sum` தெரியாதது தவறே இல்லை. கூட்டலை லூப்பில் தன் கையால் ஒரு முறை எழுதியது நல்லது என்றே சொல்வேன். எனவே அவற்றை விட்டுவிடுகிறேன். 5 என்ற எண் விஷயத்தில் எனக்குச் சற்றுத் தயக்கம் இருந்தது, ஏனென்றால் அது சின்னத் திருத்தம், `len(marks)` என்று போட்டால் முடிந்தது. என்றாலும் இன்றைக்குத் தப்பான விடை தரவில்லை. அது இரண்டாவது பாடத்துக்குப் போகட்டும். அந்தப் பாடத்தில் பாடங்களின் எண்ணிக்கையை நானே மாற்றிவிடுவேன்.

கடைசியாக, திருத்தத்தை எப்படிச் சொல்வது. நான் தவறைச் சொல்வதில்லை, தவறைக் காட்டும் இன்புட்டைச் சொல்கிறேன். 'உங்கள் நிபந்தனை தவறு' என்றால் அது என் தீர்ப்பு. '90, 90, 90, 90, 20 கொடுத்துப் பாருங்கள்' என்றால், தீர்ப்பு சொல்வது அவருடைய புரோகிராம். என் பேச்சை நம்ப வேண்டிய தேவையே அவருக்கு இல்லை. மென்பொருள் சோதனை பற்றி க்ளென்ஃபோர்ட் மையர்ஸ் 1979ல் எழுதிய புத்தகம் தொடக்கத்திலேயே இப்படியொரு பயிற்சியைத்தான் வாசகரிடம் கொடுக்கிறது: மூன்று எண்களை வாங்கி அது எந்த வகை முக்கோணம் என்று சொல்லும் ஒரு புரோகிராமைச் சோதிக்க என்னென்ன எண்கள் கொடுப்பீர்கள்? தொழிலில் இருக்கிறவர்களே அதில் திணறுவார்கள். அந்தப் பழக்கத்தை முதல் பாடத்திலேயே தொடங்கிவிடுவது நல்லது.

அவருக்குப் போன குறிப்பு இது.

"உங்கள் முதல் புரோகிராம் கிடைத்தது. நீங்கள் சோதித்த ஐந்து மார்க்குகளைக் கொடுத்து ஓட்டினேன், விடை சரியாக வந்தது.

ஐந்து பெயர் வைக்காமல் `marks` என்று ஒரே பட்டியலில் சேர்த்திருக்கிறீர்கள். பாடம் இதைக் கேட்கவில்லை, நீங்களாகச் செய்தது. இதை விடாதீர்கள், அடுத்த பாடத்திலும் உதவும். `total`, `average` என்று பெயரைப் படித்தாலே உள்ளே இருப்பது தெரிகிறது. மூன்றாவது வரியில் `int` போட்டிருக்கிறீர்கள். அதை எடுத்துவிட்டால் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்? முதலில் ஊகித்து எழுதுங்கள், பிறகு எடுத்துப் பாருங்கள், திரும்பவும் போட்டுவிடுங்கள்.

இப்போது கீழே இருக்கும் மூன்று வரிசைகளையும் ஓட்டிப் பாருங்கள். ஓட்டுவதற்கு முன், வீட்டுப்பாடத்தில் இருக்கும் விதியை மறுபடி படித்து, ஒவ்வொன்றுக்கும் என்ன விடை வர வேண்டும் என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

```
90 90 90 90 20
20 90 90 90 90
60 60 60 60 60
```

தாளில் இருப்பதும் திரையில் வருவதும் எங்கே மாறுபடுகிறது, எந்த வரி அந்த விடையைக் கொடுத்தது என்று பாருங்கள். முதல் இரண்டு வரிசைக்குக் காரணம் ஒன்று, மூன்றாவதுக்குக் காரணம் வேறு. மூன்றாவது சீக்கிரம் முடியும், அதிலிருந்து தொடங்கலாம். முதல் இரண்டுக்கு நீங்கள் ஏற்கெனவே எழுதியிருக்கும் `for m in marks` என்ற வரி இன்னொரு முறை தேவைப்படும்.

வேறு எதையும் இப்போது மாற்ற வேண்டாம். சரிசெய்ததை அனுப்புங்கள். சிக்கினாலும் சிக்கிய நிலையிலேயே அனுப்புங்கள்."

இந்தக் குறிப்பில் சில விஷயங்கள் வேண்டுமென்றே இருக்கின்றன. விடையைத் தாளில் முதலில் எழுதச் சொன்னது அதில் ஒன்று. திரையில் வந்ததைப் பார்த்த பிறகு 'இதுதான் சரியாக இருக்கும்' என்று தோன்றிவிடும், அது மனித இயல்பு. விதியை மறுபடி படிக்கச் சொன்னதும் அதற்காகத்தான். பெரிய தவறு வாசிப்பில் நடந்தது, அது வாசிப்பில்தான் பிடிபட வேண்டும். `for m in marks` என்று கைகாட்டியது கொஞ்சம் அதிகமோ என்று சிலர் கேட்கலாம். முதல் பாடம் எழுதுகிறவருக்கு எங்கே தேடுவது என்பதே தெரியாது. அந்த அளவுக்குக் கைகாட்டுவது தேவை. லூப்புக்குள்ளே என்ன எழுதுவது என்பது அவர் வேலை.

அதே மார்க்குகளை இடம் மாற்றி இரண்டு வரிசையாகக் கொடுத்ததற்கும் காரணம் உண்டு. புதியவர்கள் இந்த இடத்தில் அடிக்கடி எழுதும் ஒரு தவறான திருத்தம் இருக்கிறது. அவரும் அதைத்தான் எழுதி அனுப்பினார்.

```python
for m in marks:
    if m < 35:
        failed = True
    else:
        failed = False
```

கூடவே இப்படி எழுதியிருந்தார்: "சார், மூணாவது சரியாயிடுச்சு. முதல் வரிசையும் இப்ப Fail-னு சரியா வருது. ரெண்டாவது மட்டும் இன்னும் First class-னே வருது. ரெண்டுலயும் அதே மார்க்தானே சார்?"

மிக நல்ல கேள்வி. 20 கடைசியில் இருக்கும் வரிசையை மட்டும் கொடுத்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. தவறான திருத்தம் சரியாக ஓடியிருக்கும், இருவரும் பாடம் முடிந்தது என்று போயிருப்போம். தவறைப் பிடிக்கக் கொடுக்கும் இன்புட், முதல் தவறை மட்டுமல்ல, அதைத் திருத்தும்போது வரக்கூடிய அடுத்த தவறையும் பிடிக்க வேண்டும். இது பல பேருடைய விடைகளைப் பார்த்துப் பார்த்து வருவது. எந்தப் பாடத்தில் எந்தத் தவறு எப்படித் திரும்பும் என்பது ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதற்கும் நான் விடை சொல்லவில்லை. கேள்வி சரியான கேள்வி என்று மட்டும் எழுதி, லூப்பின் கடைசியில் `print(m, failed)` என்று ஒரு வரி சேர்த்து இரண்டாவது வரிசையை ஓட்டச் சொன்னேன். வந்தது இது:

```
20 True
90 False
90 False
90 False
90 False
```

முதல் மார்க்கிலேயே 'ஃபெயில்' என்று புரோகிராம் குறித்துக்கொண்டது. அடுத்த 90 வந்ததும் அதை அழித்துவிட்டது. ஆக, கடைசி மார்க் என்ன சொல்கிறதோ அதுதான் முடிவு. இந்த ஐந்து வரிகளைக் கண்ணால் பார்த்த பிறகு விளக்கம் தேவைப்படவில்லை. `else` பகுதியை எடுத்துவிட்டு, லூப்புக்கு முன்னால் `failed = False` என்று ஒரு முறை எழுதினால் போதும் என்று அவரே கண்டுபிடித்துவிட்டார்.

எல்லாக் குறையையும் இப்படி இன்புட் கொடுத்துக் காட்ட முடியாது. பெயர் சரியில்லை, ஒரே வேலையை இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறது, படிக்கச் சிரமமாக இருக்கிறது என்பதற்கெல்லாம் விழும் இன்புட் கிடையாது. அவற்றை என் கருத்து என்று சொல்லித்தான் எழுத வேண்டும். கருத்தைத் தவறு போலவும் தவறைக் கருத்து போலவும் எழுதினால் மாணவருக்கு எதை உடனே மாற்ற வேண்டும் என்று தெரியாது. புரோகிராம் ஓடவே இல்லை என்றால் கதை வேறு. அப்போது திரையில் வரும் எரரின் கடைசி வரியைப் படிக்கக் கற்றுக்கொடுப்பதுதான் முதல் குறிப்பு. இரண்டு முறை முயன்றும் ஒருவர் அதே இடத்தில் நின்றால், மூன்றாவது முறையும் குறிப்பு எழுதுவதில் பயனில்லை. பக்கத்தில் உட்கார வைத்து, தாளில் ஒவ்வொரு சுற்றாக எழுதிப் பார்ப்பதுதான் வழி.

பாராட்டை முன்னும் பின்னும் வைத்து, நடுவில் திருத்தத்தை வைக்கச் சொல்லும் ஒரு வழக்கம் ஆசிரியர் பயிற்சிகளில் பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அப்படி எழுதிப் பழகினால் மாணவர்கள் முதல் பாராட்டைப் படிக்கும்போதே நடுவில் வரப்போவதற்காகக் காத்திருப்பார்கள். கடைசிப் பாராட்டை ஆறுதல் என்று எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் பட்டியல் போட்டதை நான் உண்மையாகவே பாராட்டினாலும் அது ஏறாது. சம எடையும் எனக்குத் தேவையில்லை. பாராட்ட ஐந்து இருந்தால் ஐந்தும் எழுதலாம். ஒன்றுதான் இருந்தால் ஒன்றை எழுதினால் போதும், இன்னொன்றைக் கற்பிக்க வேண்டாம். திருத்தம் மட்டும் இரண்டைத் தாண்டக் கூடாது.

திருத்தி அனுப்பியதன் கடைசிப் பகுதி இப்படி இருந்தது.

```python
if failed:
    print("Fail")
elif average >= 60:
    print("First class")
elif average >= 50:
    print("Second class")
elif average >= 35:
    print("Third class")
else:
    print("Fail")
```

மூன்று வரிசையும் சரியாக ஓடின. கொடுக்காத 35ஐயும் நான் ஓட்டிப் பார்த்தேன், அதுவும் சரி. 60க்குச் சொன்னதை 50க்கும் 35க்கும் அவராகவே எடுத்துச் சென்றிருக்கிறார். இரண்டாவது குறிப்பில் முதலில் பாராட்டியது அதைத்தான்.

ஆனால் கடைசி இரண்டு வரிகள் பழைய புரோகிராமிலிருந்து அப்படியே தங்கிவிட்டன. தப்பான விடை எதுவும் தராது, அதனால் முதல் குறிப்பைப் போல இன்புட் கொடுத்துக் காட்ட முடியாது. எனவே இந்த முறை வேலையைத் திருப்பிக் கொடுத்தேன். "கடைசியில் இருக்கும் `else` வரைக்கும் புரோகிராம் போய், அந்த 'Fail' அச்சாகும்படி ஐந்து மார்க்குகள் கொடுங்கள் பார்ப்போம்" என்று எழுதினேன்.

மறுநாள் பதில் வந்தது. "எவ்வளவோ போட்டுப் பார்த்தேன் சார், வரலை. அப்புறம் தாள்ல எழுதிப் பார்த்தேன். எல்லாமே 35க்குக் குறையாம இருந்தாத்தான் அந்த இடத்துக்கே வரும். எல்லாம் 35க்குக் குறையலைன்னா சராசரியும் 35க்குக் குறையாது. அப்படி அஞ்சு மார்க் கிடையாது சார். அந்த ரெண்டு வரியை எடுத்துட்டேன், மூணாவது வகுப்பையே `else`-ல வச்சுட்டேன். சரியா?"